பூச்சியம் தசம் ஒன்று எட்டு

இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டியது போல வலித்தது. றிப்தி நாற்காலியின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை தூக்கிப் படித்தவன். பட்டம் வாங்கி, கல்முனையில் பங்குத் தரகர் கிளையில் முதலீட்டு ஆலோசகர் என்று மேசை போட்டு உட்கார்ந்து ஐந்து வருடமாகிறது. முதுகு இன்னும் ஆலையில்தான் கிடந்தது. நோன்பு வேறு. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கரண்ட் போய்விட்டதால் மின்விசிறி நின்றிருந்தது. கீழே புடைவைக் கடைக்காரன் போட்ட ஜெனரேட்டரில் இருந்து கணினிகளுக்கு மட்டும் ஒரு வயர் மேலே வந்திருந்தது.

காலையில் ராத்தா, அவனுடைய அக்கா, போன் பண்ணியிருந்தாள். மேசன் வந்து நிற்கிறானாம். சீமெந்து மூட்டை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது, அடுத்த கிழமை என்ன விலையோ தெரியாது, கம்பியும் தகரமும் இன்றைக்கே எடுத்துப் போட்டால்தான் உண்டு என்கிறானாம்.

"வித்திரு மனெ," என்றாள். "லாபம் ஒண்டும் வேணா. குடுத்தது வந்தாப் போதும்."

ஓம் என்று சொல்லி, சந்தை திறந்ததும் விற்கப் போட்டான். தும்புக் கம்பனிப் பங்கு, ஏறக்குறைய இருபத்துநாலாயிரம். விலை அறுபத்திரண்டு ரூபாய். வாங்கின விலையும் அதுதான். திரையில் நின்ற விலையும் அதுதான்.

ஒரு மணித்தியாலம் போனது. ஒரு பங்கும் விற்கவில்லை. வாங்குவோர் பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஒரேயொரு ஆள் நின்றான். இருநூறு பங்கு கேட்டிருந்தான். அவன் தர நின்ற விலை நாற்பத்தொன்று.

"நிரோசன், இஞ்ச ஒருக்கா வா. இது பிழையாக் காட்டுதா?"

பக்கத்து மேசை நிரோசன் காரைதீவுக்காரன். கட்டளைகளைச் சந்தைக்குள் போடுகிற வேலை அவனுடையது. எழும்பி வந்து தோளுக்கு மேலால் பார்த்தான்.

"சரியாத்தான் காட்டுது மச்சான். இதுக்கு எங்க ஆள் இருக்கு? கடைசியா தை மாசத்துல ஒரு கை மாறினது. அதுக்குப் பிறகு ஒரு பங்குகூட அசையல்ல."

"அறுபத்திரண்டு எண்டு நிக்குதே."

"அது தை மாசத்து விலை. புது விலை போட ஆள் வரல்ல, பழசு அப்பிடியே தொங்குது." நிரோசன் குனிந்து குரலைத் தணித்தான். "யாருடையது? உன்ட ராத்தாடையா?"

றிப்தி தலையை ஆட்டினான்.

"மாசி முடிவுல ஒருத்தன் ஐம்பத்தஞ்சுக்கு ஆறாயிரம் கேட்டு ரெண்டு நாள் நிண்டான். அப்பயே நான் உனக்குச் சொன்னன்."

சொன்னது உண்மை. அறுபத்திரண்டில் நிற்கிற சாமானை ஐம்பத்தைந்துக்குக் கேட்கிறவனுக்கு விசர் என்று றிப்தி சிரித்ததும் உண்மை.

ஜெஸீலா ராத்தா அவனுக்குப் பதினான்கு வயது மூத்தவள். புருசன் இன்னொரு கல்யாணம் முடித்துக்கொண்டு பிரிந்துபோன அந்த வருடத்தில், ஆறு வயது மகள் நுஸ்ஹாவை, அப்போது உயிரோடிருந்த உம்மாவிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் நின்றாள். மூன்று மாடி, பதினொரு பேர், ஒரு படுத்த படுக்கைக் கிழவி. கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டி அவளுடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. அவள் அனுப்பிய காசில்தான் றிப்தி பல்கலைக்கழகம் போனான். மூட்டை தூக்கிய கூலி அவனுடைய பஸ் காசுக்கும் சோற்றுக்கும் சரி.

திரும்பி வரும்போது அவளிடம் இருந்தது கல்முனைக்குடியில் பத்துப் பேர்ச் அளவில் வீட்டு வளவும், பதினைந்து லட்சம் காசும். வளவில் அத்திவாரமும் சுவரும் எழும்பியிருந்தன. கூரை இல்லை. இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு முடியாவிட்டால் அவன் வந்து எங்கே படுப்பது? நுஸ்ஹாவுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளையின் வாப்பா கச்சிமுகம்மது, நெல் வாங்கி விற்கிற மனிதர், மரியாதையாகத்தான் கதைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீட்டை முடித்துத் தாருங்கள், நகை நட்டு ஒன்றும் கேட்கமாட்டேன் என்றார்.

மேசன் போட்ட மதிப்பீடு பதினெட்டு லட்சம். கையில் பதினைந்து. ராத்தா அதை வட்டியில்லாத வங்கியொன்றில் போட்டு வைத்திருந்தாள். அங்கே வருகிற லாபத்தில் மூன்று லட்சம் சேர நுஸ்ஹாவுக்கு நாற்பது வயதாகிவிடும். கடந்த மார்கழியில் கொழும்புச் சந்தை பட்டம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. பங்கில் போடுவோம் என்று முதலில் வாயைத் திறந்தது றிப்தி. அவள் கேட்கவில்லை.

"ஹறாமான கம்பனி ஒண்டும் எனக்கு வேணா," என்றாள் ராத்தா. "சாராயம், வட்டி, சிகரட்டு ஒண்டும் வேணா."

"அதுக்குப் பட்டியல் இரிக்கி ராத்தா. மார்க்கம் படிச்ச ஆக்கள் பாத்து ஒதுக்கிக் குடுத்தது."

"அதோட, ஆறு மாசத்துல எனக்குக் காசு கையில வேணும். உன்ட சந்தை விழுந்தா என்ன செய்யிற?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவன் ஒரு கிழமை உட்கார்ந்தான். செய்த வேலை படித்த வேலைதான். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பங்குக்கும் ஐந்து வருட மாத முடிவு விலைகளை இறக்கினான். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையில் விலை நூற்றுக்கு எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று பார்த்து, கம்பனி பங்கிலாபம் கொடுத்த மாதத்தில் அதையும் சேர்த்தான். சந்தையின் மொத்தச் சுட்டெண்ணுக்கும் அதேபோல் மாதா மாதம் மாற்றம் எடுத்தான். கொரோனாவில் சந்தை பூட்டிக் கிடந்த சித்திரைக்கு விலையே இல்லை. பங்குனியிலிருந்து வைகாசிக்கு ஒரே தாவலாக எடுத்தான். அறுபது மாதத்துக்கு ஐம்பத்தொன்பது சோடி எண்கள் வந்தன. ஒவ்வொரு சோடியும் ஒரு புள்ளி. கிடையாகச் சுட்டெண்ணின் மாற்றம், நிமிர்த்திப் பங்கின் மாற்றம். புள்ளிகளுக்கு நடுவே பொருந்தி வரும்படி ஒரு கோடு. அந்தக் கோடு எவ்வளவு சாய்ந்து ஏறுகிறதோ அதுதான் பீட்டா. ஒன்று என்றால் சந்தை பத்து விழும்போது பங்கும் சராசரியாகப் பத்து விழும். ஒன்றுக்கு மேல் என்றால் கூட விழும். பூச்சியத்துக்குக் கிட்ட என்றால், சந்தை ஆடுகிற ஆட்டம் அதைத் தொடுவதில்லை.

எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லிக் கணினியில் ஒரு தட்டுத் தட்டினான். உச்சியில் வந்து நின்றது தும்புக் கம்பனி. கயிறும் மெத்தைத் தும்பும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி. கடன் இல்லை. வருடா வருடம் லாபம். பீட்டா 0.18.

ராத்தாவின் வீட்டுச் சுவருக்குள், கூரையில்லாத வெயிலில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவன் அதை விளக்கினான்.

"சந்தை முழுக்கப் பத்து விழுந்தா இது ரெண்டு கூட விழாது ராத்தா."

"பஸ் பெரண்டா இது மட்டும் நிமிந்து நிக்குமா?" என்றாள் ராத்தா.

"இது பஸ்ஸுக்குள்ளயே இல்ல. றோட்டுக் கரையால நடந்து வருது."

நுஸ்ஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "மாமா, நடந்து வாறது எப்ப வந்து சேரும்? கல்யாணத்துக்கு முந்தி வந்திருமா?"

"உனக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரமில்ல. கூரைக்குத்தான்."

ராத்தா மகளை முறைத்தாள். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த நாள் காசு கைமாறியது. "அமானிதம் மனெ, உன்ன நம்பித் தாறன்," என்று மட்டும் சொன்னாள். வாங்குவதும் சுளுவாக முடிந்தது. ஒரே ஆள் அவ்வளவு பங்கையும் ஒரே காலையில் அறுபத்திரண்டுக்குத் தந்தான். இவ்வளவு நல்ல பங்கை ஒருவன் ஏன் ஒரே அடியாகக் கழற்றிவிடுகிறான் என்று றிப்தி யோசிக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தான்.

தை முடிவில் சந்தை சரியத் தொடங்கியது. மாசியில் விழுந்தது. பங்குனியில் டொலர் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. சந்தை கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரிப் போனது. கிளைக்கு வருகிற ஆட்கள் படியேறும்போதே ஏசிக்கொண்டு ஏறினார்கள். தும்புக் கம்பனி மட்டும் அறுபத்திரண்டில் நின்றது. பங்குனி நடுவில் ராத்தாவே கிளைக்கு வந்தாள். முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"எல்லாரும் கதைக்கிறாங்க. எனக்குப் பயமா இரிக்கி. எடுத்துத் தந்திரு."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "எல்லாம் செவப்பு. நம்மட மட்டும் பாருங்க, ஒரு சதம் குறையல்ல. நான் சொன்னன்தானே. இப்ப எடுத்தா ரூபாய்க்குத்தான் மதிப்பில்ல. சந்தை தெளிஞ்சா இது எழுபதுக்குப் போகும். அவசரப்படாதீங்க."

அவள் திரையைப் பார்த்தாள். அந்த எண்கள் அவளுக்கு விளங்காது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு விளங்கும். "சரி. நீ சொன்னாச் சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அப்படிப் போனவள்தான் இந்தக் காலை மேசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் பண்ணினாள்.

அன்று ஒரு பங்கும் விற்கவில்லை. அடுத்த நாள் விலையை ஐம்பத்தைந்துக்கு இறக்கிப் பார்த்தான். நாற்பத்தொன்றுக்குக் கேட்டவன் முப்பத்தெட்டுக்குப் போய்விட்டான். விற்கத் தவிக்கிறவனின் மணம் சந்தைக்குத் தெரிந்துவிடும். சித்திரை வருசப் பிறப்பு லீவு வந்தது. அதோடு சந்தையை இன்னும் ஒரு கிழமை பூட்டினார்கள். ராத்தாவிடம் "சந்தை பூட்டு" என்று சொன்னான். அது பொய்யில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்தான்.

பூட்டிய அந்தக் கிழமையில், வேறு ஆளில்லாத கிளையில், பழைய கணக்கைத் திறந்தான். முதல் தடவை அவன் பார்க்காத ஒரு நிரல் அதே கோப்பில் இருந்தது: அந்த மாதத்தில் எத்தனை தடவை பங்கு கைமாறியது என்பது. தும்புக் கம்பனிக்கு நேரே மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். பூச்சியம். பூச்சியம். இரண்டு. பூச்சியம். ஒன்று. பூச்சியம். ஐம்பத்தொன்பதில் இருபத்தாறு தடவை விலை மாற்றம் சுத்தப் பூச்சியம். கம்பனியின் பங்கில் நூற்றுக்கு எண்பத்தாறு ஒரே தாய்க் கம்பனியின் கையில். மிச்சத்தை வைத்திருந்த சிலரும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவர்கள். மாதம் முழுக்க யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை என்றால், போன மாதத்து விலையையே இந்த மாதத்துக்கும் எழுதிவிடுவார்கள். அவன் அதை, சந்தை விழுந்தும் விலை ஆடாத பங்கு என்று வாசித்திருந்தான்.

கொரோனா மாதங்களைப் பார்த்தான். பங்குனியில் சுட்டெண் குப்புற விழுந்தது; தும்பு பூச்சியம். வைகாசியிலும் பூச்சியம். ஆனியில் சுட்டெண் எழும்பத் தொடங்கியபோதுதான் யாரோ ஒருவன் முதல் தடவையாக விற்றிருக்கிறான். ஒரே அடியில் இருபத்தெட்டு வீதம் இறக்கம். பங்குனியில் விழ வேண்டியது ஆனியில் விழுந்திருக்கிறது. சந்தை ஏறின மாதத்தில் இது இறங்கினது என்று கணக்கு பதிந்துகொண்டது. அந்த ஒரு புள்ளி கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்திருந்தது. அவன் அதைப் பார்த்து, சந்தைக்கு எதிர்ப்பக்கமாகப் போகிற பங்கு என்று மார்கழியில் மகிழ்ந்திருந்தான். கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்கிற எண்ணும் பக்கத்திலேயே கிடந்தது. நூற்றுக்கு மூன்று. அப்படியொரு கோட்டை நம்பி ஆட்டுக்குட்டியைக் கூடக் கட்டக்கூடாது.

எல்லாவற்றையும் விட மோசம் அவன் அடுக்கிய அடுக்கு. பீட்டா சிறியதை மேலே கொண்டுவா என்று கணினிக்குச் சொன்னான். வியாபாரம் இல்லாத பங்குக்குத்தான் எண் அப்படிச் சிறிதாகிப் போகும். பட்டியலில் இருந்ததிலேயே விற்க முடியாத சாமானை அவனே தேடிப் பொறுக்கி, ராத்தாவின் கையில் கொடுத்திருந்தான்.

திரும்பச் செய்தான். இந்தத் தடவை பங்கின் மாத மாற்றத்துக்கு எதிரே அதே மாதத்துச் சுட்டெண்ணை மட்டும் வைக்கவில்லை. அதற்கு முந்தின மாதத்து மாற்றத்தையும், அதற்கும் முந்தினதையும் சேர்த்து வைத்தான். பிந்தி வருகிற விழுகையும் பிடிபட வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். மூன்றாம் வருடத்தில் படித்தது, பரீட்சையிலும் எழுதியது. அதே மாதத்துக்கு 0.18. முந்தின மாதத்துக்கு 0.55. அதற்கு முந்தினதுக்கு 0.49. மூன்றையும் கூட்டினால் 1.22. மாதத்துக்குப் பதிலாகக் காலாண்டு மாற்றம் எடுத்துப் பார்த்தான். அப்போதும் எண் ஒன்றைச் சுற்றித்தான் நின்றது.

றோட்டுக் கரையால் நடந்து வரவில்லை. பஸ்ஸுக்குள்தான் இருந்தது, கடைசிச் சீட்டில்.

வருடம் பிறந்ததிலிருந்து சித்திரை வரை சுட்டெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று வைத்து 1.22 ஆல் பெருக்கினான். நாற்பத்தாறு. அறுபத்திரண்டில் நாற்பத்தாறு வீதம் போனால் முப்பத்துமூன்று ரூபாய் சொச்சம். முப்பத்தெட்டு தர நிற்கிறவன் நல்ல மனிதன்தான் என்று அப்போது விளங்கியது.

சந்தை திறந்ததும் நல்ல மனிதன் போய்விட்டான்.

"என்ன செய்யிற?" என்று நிரோசன் கேட்டான். "வச்சிருந்தா எப்பயாவது ஏறும். கம்பனி நல்ல கம்பனி."

"எப்ப?"

"அது ஆருக்குத் தெரியும். ரெண்டு வருசம், மூணு வருசம்."

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திக் கூரை போடணும்டா."

நிரோசன் தன் மேசைக்குப் போய்க் கட்டளையைப் போட்டான். முப்பத்தைந்துக்கு ஆயிரம் பங்கு போனது. முப்பத்துமூன்றுக்கு மூவாயிரம். ஒவ்வொரு தடவை விற்கும்போதும் அந்த விலையே திரையில் புது விலையாக ஏறியது. அவனே தன் ராத்தாவின் சாமானுக்கு விலை குறைத்துக்கொண்டு போனான். கடைசிப் பெரும்பங்கு முப்பதுக்கும் கீழே போனது. சராசரி முப்பதரை. தரகு கழித்துக் கைக்கு வந்தது ஏழு லட்சத்து முப்பதாயிரம். அந்தத் தரகில் அவனுடைய கிளைக்கும் ஒரு பங்கு உண்டு.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் பின்னேரம் ராத்தா வீட்டுக்குப் போனான். அடுப்படிப் பக்கம் மட்டும் பழைய தகரம் போட்டு அவளும் மகளும் குடியிருந்தார்கள். பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பத்தை வெட்டி வைத்தாள். அவன் தொடவில்லை.

"சொல்லு," என்றாள் ராத்தா.

சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. ஏழு முப்பது என்றான்.

ராத்தா கத்தியைத் துணியில் துடைத்து வைத்தாள். வெளியே ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"பங்குனியில நான் வந்தன். எடு எண்டன்."

"ஓம் ராத்தா."

"அப்ப எடுத்திருந்தா?"

"ஐம்பது சொச்சத்துக்காவது கொஞ்சம் போயிருக்கும். முழுக்கப் போயிராது."

"நீ எனக்குப் பொய் சொன்னியா?"

"இல்ல. அல்லாஹ்வுக்காக இல்ல. கணக்குப் பிழைச்சிட்டு. நானும் அத நம்பித்தான் சொன்னன்."

"பொய்யெண்டா ஏசலாம்," என்றாள் ராத்தா. "ஏசிப்போட்டு விட்டிரலாம். இத என்ன செய்யிற?"

நுஸ்ஹா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பள்ளிக்கூட உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவள். "மாமா, அந்த நம்பர் என்ன?"

"பூச்சியம் தசம் ஒண்டு எட்டு."

"உண்மையில?"

"ஒண்டு தசம் ரெண்டு ரெண்டு."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்ப சந்தைய விடக் கூட விழுந்திரிக்கி," என்றாள். சத்தம் ஏறவில்லை. உள்ளே போனாள். தகரத்துக்குப் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ராத்தா எழும்பிப் போகவில்லை. முழங்காலை நீட்டி, அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஏழு லட்சத்து முப்பதாயிரத்துக்கு அந்த வைகாசியில் கம்பியும் சீமெந்தும் கொஞ்சம் மரமும்தான் வந்தன. மேசன் பீம் கட்டி முடித்துக் கூலிக்கு நின்றான். கூலி கொடுத்தார்கள். கூரைக்கு இல்லை. றிப்தி கடன் கேட்கப் போன இடங்களில் எல்லாம், அவனுடைய பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்கி இழந்த ஒருவனாவது இருந்தான். மோட்டர் சைக்கிளை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் காசு ராத்தாவும் மகளும் சாப்பிடவே சரியாகிவிட்டது. அரிசி அந்த விலை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாளிருக்க கச்சிமுகம்மது வந்தார். நெல் ஏற்றுகிற ட்ரக்டர் ஒன்றில் தொற்றி வந்து, தெரு முடக்கில் இறங்கி நடந்து வந்தார். டீசல் இல்லை. பீமுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது.

"தங்கச்சி, நான் குறை சொல்ல வரல்ல," என்றார் ராத்தாவிடம். "நாட்டு நெலம இப்பிடி. ஆனா மகனுக்குக் கட்டாருக்கு விசா வந்திரிக்கி. போறத்துக்கு முந்தி முடிச்சி வெக்கணும் எண்டு அவண்ட உம்மா நிக்கிறா. எங்கட ஊருக்குள்ளயே வேற ஒரு பொண்ணு பாத்திரிக்கி, அங்க வீடு முடிஞ்சிரிக்கி."

"கொஞ்சம் பொறுங்க," என்றான் றிப்தி. "ரெண்டு மாசம்."

அவர் அவனைப் பார்த்தார். "நீங்கதானே பங்கு வேலை செய்யிற தம்பி?"

"ஓம்."

"எங்கட ஊர் மில்லுல மூட்ட தூக்கினது நீங்கதானே?"

"ஓம்."

"நல்ல புள்ள எண்டு சொல்லுவாங்க," என்றார். குத்திப் பேசவில்லை, உண்மையாகவே சொன்னார். அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி நடந்து போனார்.

நுஸ்ஹா அன்று அழவில்லை. தொலைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழித்தாள். அதைச் செய்தபோது அவள் முகம் ராத்தா குவைத்துக்குப் போன அன்று இருந்த மாதிரியே இருந்தது. அன்று அவளுக்கு ஆறு வயது. றிப்திதான் தூக்கி வைத்திருந்தான்.

ஆவணி பிறக்க ராத்தா பாஸ்போட்டைத் தேடி எடுத்தாள். நாற்பத்துமூன்று வயது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு, வைத்தியப் பரிசோதனையில் நொண்டாமல் நடந்து காட்டினாள். குவைத்திலேயே வேறு வீடு. அங்கேயும் ஒரு கிழவி.

"போக வேணா ராத்தா," என்று அவன் வாசல் படலையில் நின்று சொன்னான். "நான் பாக்குறன். சம்பளத்துல மாசா மாசம் தாறன்."

"தா," என்றாள். "நீ தரத்தான் வேணும். நான் வேணா எண்டு சொல்லமாட்டன். ஆனா அது வந்து சேர எத்தின வருசம் எண்டு நீயே கணக்குப் பாரு." கொஞ்சம் நின்று, "இந்தத் தரம் சரியாப் பாரு," என்றாள். அது பகிடியா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

வேனில் ஏறும்போது அவள் கையைக் கொடுத்து அவனைத்தான் பிடித்து ஏறினாள். வேறு ஆளில்லை. கை காய்ந்து, உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது. வேன் அக்கரைப்பற்று வீதியில் திரும்பும் வரை நுஸ்ஹா றோட்டிலேயே நின்றாள். பிறகு அவனைப் பார்க்காமல் உள்ளே போய், அடுப்படித் தகரக் கதவைச் சாத்தினாள்.

அவன் கிளையில்தான் இன்னும் வேலை செய்கிறான். விட்டுவிட்டுப் போக அவனுக்கு வேறு தொழில் இல்லை. மூட்டை தூக்க முதுகு இல்லை. பீட்டா கேட்டு வருகிறவர்களுக்கு எண்ணைச் சொல்லுமுன், அந்தப் பங்கு மாதத்தில் எத்தனை தடவை கைமாறுகிறது என்று சொல்கிறான். பாதிப் பேர் அதைக் காதில் வாங்குவதில்லை. சந்தை திரும்ப ஏறியது. தும்புக் கம்பனியும் பிந்திப் பிந்தி ஏறி, எழுபதைத் தாண்டியது. அதை அவன் ராத்தாவுக்குச் சொல்லவில்லை. நுஸ்ஹாவுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

ராத்தா கொடுத்தது பதினைந்து லட்சம். திரும்பிப் போனது ஏழு லட்சத்து முப்பதாயிரம். மிச்சத்தில் மோட்டர் சைக்கிள் காசும் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளி அனுப்பியதும் சேர்த்து இதுவரை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்டியிருக்கிறான். ஜெஸீலா ராத்தாவுக்கு றிப்தி இன்னும் ஆறு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.